கப்பல் மூக்கில் அந்தக் குமிழ் எதற்கு? பாரம் குறைந்து டர்பனுக்கு வரும் கப்பல்களில் அது வேலை செய்கிறதா?

உம்லங்கா வாசுகி

எல்லோருக்கும் வணக்கம். உம்லங்கா கலங்கரை விளக்கத்துப் பக்கம் மாலையில் நடக்கப் போனால், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்பது தெரியும். நேற்றுத் தொலைநோக்கியில் பார்த்தபோது ஒரு கொள்கலன் கப்பலின் முன்பக்கம் தண்ணீரை ஒட்டிச் சிவப்பாக ஒரு பெரிய குமிழ் துருத்திக்கொண்டிருந்தது. அதன் முதுகில் அலை ஏறி ஏறி வழிந்தது. அதற்கு மேலே கறுப்பு உடம்பில் வெள்ளைப் பெயிண்டில், மேல்கோடு இல்லாத 5 மாதிரி ஒரு குறி.

இது எரிபொருளை மிச்சப்படுத்தத்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. கூடுதலாக ஒரு இரும்பு உருண்டையைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போனால் உராய்வு கூடத்தானே செய்யும்? எப்படிக் குறையும்? இன்னொன்று, பாதி வெளியே தெரியும் குமிழால் என்ன பயன்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

சாட்ஸ்வர்த் குமரன்

அக்கா, நான் துறைமுகத்திலிருந்து பெட்டி எடுக்கும் லாரிகளை நடத்துகிறேன், கப்பல்களைக் கிட்டத்தில் பார்ப்பதுண்டு. நான் கேள்விப்பட்டது இதுதான்: அந்தக் குமிழுக்குள் காற்று இருக்கிறது, அது மிதப்புக் கொடுத்து மூக்கைத் தூக்குகிறது. மூக்கு தூக்கினால் தண்ணீரைக் கிழிப்பது சுலபம், எஞ்சினுக்குப் பாரம் குறைவு. அந்த வெள்ளைக் குறி இழுவைப் படகுக்காரர்களுக்கு. கீழே துருத்திக்கொண்டு ஒன்று இருக்கிறது, கிட்டே வராதே என்று அர்த்தம்.

தூத்துக்குடி அந்தோணி

குறியைப் பற்றித் தம்பி சொன்னது சரி. கப்பல் முழுப் பாரத்தில் இருக்கும்போது பல்ப் தண்ணீருக்குள் மறைந்துவிடும். அதனால்தான் மேலே வரைந்து வைக்கிறார்கள். பக்கத்திலேயே வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால், கீழே குறுக்காக ஒரு விசிறி, அதாவது பௌ த்ரஸ்டர், இருக்கிறது என்று பொருள்.

ஆனால் மூக்கைத் தூக்கும் கதையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல்புக்கு மிதப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல கப்பல்களில் அந்தப் பகுதி முன்முனைத் தொட்டியோடு சேர்ந்தது, அதில் கடல்நீரையே நிரப்பி வைப்போம். தண்ணீர் நிரம்பிய பல்பும் அதே வேலையைச் செய்கிறது. நான் நீண்ட காலம் சீஃப் எஞ்சினியராக இருந்தவன், இப்போது டர்பனில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பல்பின் வேலை அலையில் இருக்கிறது. கணக்கை கார்த்திகா வந்து சொன்னால் நன்றாக இருக்கும், அவர் படித்ததே இதுதான்.

கேப்டவுன் கார்த்திகா

வாசுகி அக்கா, உங்கள் சந்தேகம் நியாயமானது. உராய்வு கூடத்தான் செய்கிறது. பல்ப் வைத்தால் நனையும் பரப்பு கூடும், அந்த நஷ்டம் எந்த வேகத்திலும் கூடவே வரும். அதைவிடப் பெரிய செலவு ஒன்றை அது குறைக்கும்போதுதான் லாபம். அந்தப் பெரிய செலவு, கப்பல் எழுப்பும் அலை.

கப்பல் ஓடும்போது முன்முனையில் தண்ணீர் நெரிபட்டு மேலே எழும்பும். அங்கே ஒரு முகடு உருவாகி, பின்னால் பள்ளம், மறுபடி முகடு என்று தொடர் அலையாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்த அலையைத் தூக்கிய சக்தி எஞ்சினிலிருந்து வந்தது. அலை அதை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுகிறது, திரும்பி வராது. பெரிய கொள்கலன் கப்பல் முழு வேகத்தில் ஓடும்போது மொத்த எதிர்ப்பில் கணிசமான பங்கு இப்படிப் போகும். மெதுவாக ஓடும்போது அது மிகவும் சுருங்கிவிடும், அப்போது எல்லாமே உராய்வுதான்.

இப்போது பல்ப். அது முன்முனைக்கு முன்னால், தண்ணீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நீண்டிருக்கிறது. அதன் முதுகின் மேல் தண்ணீர் வேகமாக ஓட வேண்டியிருப்பதால் அங்கே அழுத்தம் குறைகிறது, அதற்கு நேர் மேலே தண்ணீர்மட்டம் தாழ்ந்து பள்ளமாகிறது. ஆக பல்பும் தன் பங்குக்கு ஒரு அலையை எழுப்புகிறது, ஆனால் அது பள்ளத்தில் தொடங்கும் அலை. முன்முனையின் முகடு எழும்ப வேண்டிய இடத்தில் பல்பின் பள்ளம் வந்து உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது சின்ன அலை. அலையின் சக்தி உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், உயரம் பாதியானாலே சக்தி கால்வாசிதான்.

எல்லாம் "அந்த இடத்தில்" என்பதில் இருக்கிறது. ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்போது அது உங்களை நோக்கி வரும் நேரம் பார்த்து எதிரே தள்ளினால் நின்றுவிடும். நேரம் தவறித் தள்ளினால் இன்னும் உயரமாக ஆடும். பல்புக்கும் அப்படித்தான்.

உம்லங்கா வாசுகி

இது புரிகிறது, அலைகளின் மேற்பொருந்தல். வகுப்பில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்துச் செய்துகாட்டுவதும் இதையேதான். அப்படியானால் வேகம் மாறினால் அலைநீளம் மாறும், அப்போது பள்ளம் முகட்டின் மேல் விழாதே? கப்பல் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாதே?

கேப்டவுன் கார்த்திகா

அக்கா, நேராக மையத்துக்கே வந்துவிட்டீர்கள். அந்த அலை கப்பலின் கூடவே, கப்பலின் வேகத்திலேயே போகிறது. ஆழ்கடலில் ஒரு அலையின் வேகம் தெரிந்தால் நீளம் தெரிந்துவிடும். சூத்திரம் இது, இதில் λ அலைநீளம், V வேகம், g புவியீர்ப்பு முடுக்கம்:

```
λ = 2πV² / g
```

24 நாட் என்பது நொடிக்கு சுமார் 12.3 மீட்டர். போட்டுப் பார்த்தால் அலைநீளம் ஏறக்குறைய 98 மீட்டர். 16 நாட்டுக்கு இறங்கினால் நொடிக்கு 8.2 மீட்டர், அலைநீளம் 43 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு அலை பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது.

300 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 24 நாட்டில் ஓடவென்று கட்டியது. அந்த 98 மீட்டர் அலைக்குத் தோதாக பல்பின் நீளத்தையும் பருமனையும் வைத்திருப்பார்கள். நீளம் பள்ளம் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும், பருமன் எவ்வளவு ஆழமாக விழும் என்பதை. அதே கப்பல் 16 நாட்டில் போனால் பள்ளம் முகட்டுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும், பொருத்தம் தவறும். அதோடு அழிக்க வேண்டிய அலையே இப்போது சின்னது. பெரிய பல்பின் உராய்வு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வேகத்தில் பல்ப் இல்லாத கப்பலே சற்றுக் குறைவாக எரிக்கும்.

பல்ப் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் வடிவமைப்பில் 1910-ல் பணிக்கு வந்த டெலவேர் என்ற போர்க்கப்பலிலேயே அது இருந்தது. ஆனால் அலையை அலையால் அழிப்பது என்ற எண்ணத்தைக் கணக்காக்கி, பெரிய பல்பைத் துணிந்து வைத்துப் பார்த்தவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தக்காவோ இனுயி. 1960-களின் தொடக்கத்தில் குரேனாய் மாரு என்ற பயணிகள் கப்பலில் பொருத்திச் சோதித்தார்கள். வணிகக் கப்பல்களில் அது பரவியது அதற்குப் பிறகுதான்.

ஃபீனிக்ஸ் லதா

நான் கேட்பது வேறு. ஜூன் மாதத்திலிருந்து நம் கரையோரமாகத் திமிங்கிலங்கள் போகின்றன அல்லவா. இந்தக் குமிழ் அவற்றின் மேல் மோதினால்? போர்க்கப்பலில் இருப்பதுபோல அதற்குள் சோனார் ஏதாவது இருந்து, முன்னால் வருவதைக் காட்டுமா?

தூத்துக்குடி அந்தோணி

இல்லை அம்மா. போர்க்கப்பலின் மூக்கில் இருப்பது சோனார் கூடு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேலை வேறு. கொள்கலன் கப்பலின் பல்புக்குள் இரும்புச் சட்டங்களும் தண்ணீரும்தான், முன்னால் எதையும் காட்டாது. மோதுவதும் நடக்கிறது. திமிங்கிலம் பல்பின் மேல் குறுக்காகச் சிக்கிக்கொண்டு, கப்பல் துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் ஆட்கள் பார்த்த சம்பவங்கள் உலகில் பல இடங்களில் உண்டு. மேலே கப்பலைச் செலுத்தும் அறையில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. வேகத்தைக் குறைத்தால் அந்த ஆபத்து குறையும் என்கிறார்கள்.

சாட்ஸ்வர்த் குமரன்

கார்த்திகா அக்கா, வேகம்தான் முக்கியம் என்றால் நம் கரையில் ஒரு வசதி இருக்கிறதே. அகுலாஸ் நீரோட்டம் தெற்கே ஓடுகிறது, டர்பனிலிருந்து கேப் பக்கம் போகும் கப்பல்கள் அதில் ஏறிக்கொள்கின்றன. 16 நாட்டில் போகும் கப்பலுக்கு நீரோட்டம் 4 நாட் சேர்த்தால் 20 நாட். அப்போது பல்ப் தன் வேகத்துக்குக் கிட்டே வந்துவிடும், இல்லையா?

கேப்டவுன் கார்த்திகா

குமரன், நீரோட்டத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, பலமான இடங்களில் அது 4 நாட்டையும் தாண்டும். தெற்கே போகிறவர்கள் அதில் ஏறிக்கொள்வதும், வடக்கே வருகிறவர்கள் அதைத் தவிர்த்துக் கரையை ஒட்டி வருவதும் பழைய வழக்கம். ஆனால் பல்புக்குத் தரை தெரியாது. தன்னைச் சுற்றியுள்ள தண்ணீருக்கு எதிராக எவ்வளவு வேகம் என்பதுதான் அதற்குத் தெரியும். ஜிபிஎஸ் 20 நாட் காட்டும், அலை 16 நாட்டுக்குரிய அலையாகவே இருக்கும்.

சொல்லப்போனால் இங்கே நடப்பது தலைகீழ். துறைமுகத்துக்கு இந்த நேரத்துக்குத்தான் வர வேண்டும் என்று நேரம் குறித்திருக்கும். நீரோட்டம் 4 நாட் தள்ளிவிடுவதால் எஞ்சினைக் குறைப்பார்கள், தண்ணீருக்கு எதிரான வேகம் இன்னும் இறங்கும். எரிபொருளுக்கு அது பெரிய லாபம். பல்ப் மட்டும் தன் வேகத்திலிருந்து இன்னும் விலகிப் போகும்.

தூத்துக்குடி அந்தோணி

சரி, நான் எஞ்சின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வாசுகி அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு, பாதி வெளியே தெரிவதற்கு, இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நம் டர்பனின் கொள்கலன் முனையத்தில் பழைய துறைகள் பலவற்றில் ஆழம் போதாது, ஆழப்படுத்தும் வேலை நடக்கிறது. பெரிய கப்பல் முழுப் பாரத்தோடு உள்ளே வர முடியாது. ஆகவே பாரம் குறைந்துதான் வரும். ஒரு கப்பலை 14 மீட்டர் ஆழம் மிதக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பல்பின் முதுகுக்கு மேல் 3 மீட்டர் தண்ணீர் நிற்கும். அதே கப்பல் 11 மீட்டரில் வந்தால்? முதுகு சரியாகத் தண்ணீர்மட்டத்தில். நீங்கள் தொலைநோக்கியில் பார்த்த காட்சி அதுதான்.

பல்ப் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க நான் முன்முனைத் தளத்துக்குப் போய் விளிம்பில் குனிந்து பார்ப்பேன். சரியான பாரம், சரியான வேகம் என்றால் பல்பின் மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பள்ளம் விழுந்து ஓடும். உடம்பை ஒட்டி எழும்பும் அலை தாழ்ந்து, சத்தமில்லாமல் போகும். பாரம் குறைந்த பயணத்தில் அதே இடத்தில் பார்த்தால் பல்பின் முதுகில் தண்ணீர் மெல்லிய படலமாக ஏறி உடைந்து, இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாகச் சுருண்டு விழும். இரைச்சல் காதை அடைக்கும். அந்த நுரை எல்லாம் நாம் எரித்த எண்ணெய். எஞ்சின் அறைக்கு இறங்கிப் போனால், அதே சுழற்சி வேகத்துக்கு எஞ்சின் கூடுதல் சக்தி இழுப்பது கணக்கில் தெரியும்.

அப்போது என்ன செய்வது என்றால், கப்பலைச் சற்று முன்பக்கமாகத் தாழ்த்துவோம். பாலாஸ்ட் தண்ணீரைப் பின்தொட்டியிலிருந்து முன்தொட்டிக்கு மாற்றினால் மூக்கு தணிந்து பல்ப் மறுபடி முங்கும். கப்பலுக்கு ஏற்றபடி இதில் சில சதவீதம் மிச்சப்படும்.

போர்ட் லூயி ரவி

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். இழையை ஆர்வமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். எனக்கு 11 மீட்டர் ஃபைபர் படகு இருக்கிறது, வெளிக்கடலில் மீன் பிடிக்கச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப் போகிறேன். டீசல் விலை ஏறிப்போய்க் கிடக்கிறது. படகு கட்டுகிற ஒருவர் முன்னால் ஃபைபரில் சின்னக் குமிழ் ஒட்டித் தருகிறேன், 15 சதவீதம் மிச்சம் என்கிறார். செய்யலாமா?

கேப்டவுன் கார்த்திகா

ரவி அண்ணா, உங்கள் படகு ஓடும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேல் வழுக்கிப் போகிறதா, அல்லது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தபடி போகிறதா?

போர்ட் லூயி ரவி

போகும்போதும் வரும்போதும் 20 நாட்டுக்கு மேல், நன்றாகத் தூக்கிக்கொண்டு போகும். தூண்டில் போட்டு இழுக்கும்போது மட்டும் 7, 8 நாட்.

கேப்டவுன் கார்த்திகா

அப்படியானால் வேண்டாம். வழுக்கிப் போகும் படகில் குமிழ் தண்ணீருக்கு வெளியே தொங்கும், அலையில் விழும்போது அடி வாங்கும். பக்க அலையில் மூக்கை இழுத்துத் திருப்பிவிடும் ஆபத்தும் உண்டு. 7, 8 நாட்டில் ஓரளவு பயன் இருக்கலாம், ஆனால் உங்கள் டீசலில் பெரும்பகுதி வேகமாகப் போகும்போதுதானே எரிகிறது. 20 மீட்டருக்கு மேல், எப்போதும் ஒரே வேகத்தில் உட்கார்ந்து ஓடும் இழுவலைப் படகு என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அவற்றில் பல்ப் வைக்கிறார்கள், பலனும் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பணத்தில் அடிப்பாகத்தைச் சுத்தமாக வைத்து, ப்ரொப்பெல்லரைச் சரிபார்த்தால் போதும்.

அந்தோணி அண்ணா சொன்ன முன்பக்கம் தாழ்த்தும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மூக்கைத் தணிக்கப் புதிதாகத் தண்ணீர் ஏற்றினால் கப்பலின் எடை கூடும், அதையும் சுமக்க எண்ணெய் வேண்டும். இருக்கிற தண்ணீரை இடம் மாற்றுவது மட்டும்தான் சுத்த லாபம். பின்பக்கம் அதிகம் எழும்பினால் ப்ரொப்பெல்லர் மேலே வந்துவிடும், உடம்பின் வளைவு அழுத்தமும் கூடும். ஒவ்வொரு கப்பலுக்கும் எந்தப் பாரத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு தாழ்த்தலாம் என்று அட்டவணை இருக்கும். அதை விட்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

தூத்துக்குடி அந்தோணி

அட்டவணை இருக்கிறது, சரி. ஆனால் நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் அந்த அட்டவணை மாதிரிச் சோதனைத் தொட்டியில் எடுத்தது, அமைதியான தண்ணீரில். தென்மேற்குக் காற்று அகுலாஸ் நீரோட்டத்துக்கு எதிராக அடிக்கும்போது அட்டவணைப்படி மூக்கைத் தாழ்த்தி ஓட்டினால், முன்தளத்தில் பச்சைத் தண்ணீர், அதாவது நுரையாக உடையாத முழு அலையே, ஏறும். அப்போது எண்ணெய் மிச்சத்தை யார் பார்ப்பது? கடல் எப்படி என்று பார்த்துத்தான் முடிவு.

அந்தக் கடல் பல்பை என்ன செய்யும் என்பதற்கு 1974-ல் வில்ஸ்டார் என்ற நார்வே எண்ணெய்க் கப்பல் சாட்சி. நம் கரையோரம் ராட்சத அலையில் மாட்டி, அதன் பல்பின் இரும்புத் தகடு கிழிந்து பெயர்ந்த படத்தைக் கப்பல் வேலையில் இருக்கிறவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். தடித்த தகடு தாள்மாதிரி வளைந்து கிடக்கும்.

பல்ப் முன்பின் ஆட்டத்தைக் குறைக்கிறது என்றும் சொல்வார்கள். என் அனுபவத்தில் மிதமான அலையில் அது சரி. பெரிய அலையில் பல்ப் வெளியே வந்து திரும்ப அடித்து விழும்போது கப்பல் முழுக்க அதிரும்.

கேப்டவுன் கார்த்திகா

பெரிய அலையில் அடித்து விழுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு பல்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மேலே விரிந்திருக்கும் முன்முனையின் பக்கச்சரிவும் அந்த அடியை வாங்குகிறது. எது எவ்வளவு என்று கப்பலுக்குக் கப்பல் மாறும்.

சாட்ஸ்வர்த் குமரன்

எனக்குப் பணக் கணக்கு வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று ஒரு எண் சொல்லுங்கள். அப்புறம், பெரிய நிறுவனங்கள் பல்பை வெட்டி மாற்றுகிறார்கள் என்று படித்தேன். நல்லது என்றால் ஏன் வெட்டுகிறார்கள்?

கேப்டவுன் கார்த்திகா

உதாரணத்துக்காக வட்ட எண்களை எடுத்துக்கொள்கிறேன், எந்தக் குறிப்பிட்ட கப்பலும் இல்லை. பல்ப் இல்லாமல் 24 நாட்டில் ஒரு நாளைக்கு 200 டன் எரிக்கும் கப்பல். தன் வடிவமைப்பு வேகத்தில் நல்ல பல்ப் 12 சதவீதம்வரை மிச்சம் கொடுக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதாவது நாளைக்கு 24 டன்.

அதே கப்பலை 16 நாட்டுக்கு இறக்குங்கள். எரிபொருள் ஏறக்குறைய வேகத்தின் கனத்தைப் பொறுத்துக் குறையும். மூன்றில் இரண்டின் கனம் சுமார் 0.3, ஆக 60 டன். இங்கே பல்ப் 3 சதவீதம் நஷ்டம் கொடுக்கிறது என்று வைத்தால் நாளைக்கு 2 டன்னுக்கும் குறைவு. ஒரு நாள் வேகமாக ஓடினால் கிடைக்கும் லாபம், பதின்மூன்று நாள் மெதுவாக ஓடும் நஷ்டத்தை ஈடுகட்டிவிடும். அதனால் எப்போதாவது மெதுவாகப் போனாலும் பழைய பல்ப் பரவாயில்லை.

2008-க்குப் பிறகு அது மாறியது. சரக்கு குறைந்தது, எண்ணெய் விலை ஏறியது, கப்பல் நிறுவனங்கள் வேகத்தை நிரந்தரமாகக் குறைத்தன. 24 நாட்டுக்குக் கட்டிய கப்பல் வருடம் முழுவதும் 24 நாட்டைத் தொடவே இல்லை. ஈடுகட்ட அந்த ஒரு நாள் வரவே வராது. அப்போதுதான் மெர்ஸ்க், சிஎம்ஏ சிஜிஎம் போன்றவர்கள் 2010-களில் பழைய பல்பை வெட்டி எடுத்து, மெதுவான வேகத்துக்கும் குறைந்த பாரத்துக்கும் பொருந்தும் வேறு வடிவத்தை ஒட்டினார்கள்.

புதிய மூக்கால் 60 டன்னில் 5 சதவீதம், அதாவது 3 டன் குறைகிறது என்று வைப்போம். வருடத்தில் 250 நாள் கடலில் ஓடினால் 750 டன். டன் 600 டாலர் என்றால் 4,50,000 டாலர். அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கத் தண்ணீரை விட்டு டிரை டாக்கில் எப்படியும் ஏற வேண்டிய நேரத்தில் சேர்த்துச் செய்தால் செலவு நியாயமான காலத்தில் திரும்பும்.

தூத்துக்குடி அந்தோணி

அந்த 5 சதவீதத்தை அளந்து காட்டுவது சுலபமில்லை. டிரை டாக்கில் ஏறிய கப்பலுக்கு அடிப்பாகம் சுத்தமாகி, புதுப் பெயிண்ட் அடித்து, ப்ரொப்பெல்லரும் மெருகேறித்தான் இறங்கும். வெளியே வந்ததும் எண்ணெய் குறைகிறது. எது பெயிண்டால், எது மூக்கால்? தினமும் நண்பகலில் அனுப்பும் அறிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, காற்றும் நீரோட்டமும் அதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு கொடுக்கும். தண்டில் திருகுவிசை மானி இருந்து, தண்ணீருக்கு எதிரான வேகத்தை நம்பகமாக அளந்து, அமைதியான நாட்களை மட்டும் பிரித்தெடுத்து மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். ஒரே வகைக் கப்பல் இரண்டை, ஒன்று மாற்றியது, மற்றது மாற்றாதது, இரண்டும் சுத்தமான நிலையில் ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

உம்லங்கா வாசுகி

என் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நிலக்கரி ஏற்ற ரிச்சர்ட்ஸ் பே போகும் கப்பல்களிலும் குமிழ் இருக்கிறது. அவை எப்போதுமே மெதுவாகத்தானே போகின்றன? அங்கே இந்த அலைக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

கேப்டவுன் கார்த்திகா

அவற்றில் காரணம் கொஞ்சம் வேறு, அக்கா. அந்தக் கப்பல்களின் முன்முனை மழுங்கலானது. தண்ணீர் அதில் முட்டி நேரடியாக உடைந்து நுரைக்கிறது. பல்ப் அந்த இடத்தில் தண்ணீரை முன்கூட்டியே பிரித்து வழிவிட்டு, உடைவதைக் குறைக்கிறது. வெறும் கப்பலாக ஓடும் பயணத்தில் இதன் பயன் தெரியும். கொள்கலன் கப்பலில் நடப்பதுபோல் நீள அலையை நீள அலையால் அழிப்பது அங்கே முக்கியமில்லை. அண்மையில் கட்டும் மொத்தச்சரக்குக் கப்பல்கள் பலவற்றில் துருத்தாத, செங்குத்தான முன்முனை வைக்கிறார்கள். கொள்கலன் கப்பல்களிலும் அந்தப் போக்கு வந்துவிட்டது. 2020-ல் வந்த ஜாக் சாடே கப்பலில் பல்ப் நேரான முன்முனையோடு உடம்பிலேயே கலந்திருக்கும், தனியாகத் துருத்தாது.

சாட்ஸ்வர்த் குமரன்

அப்படியானால் இப்போதைய நிலை? 2023 கடைசியிலிருந்து செங்கடல் பிரச்சினையால் நிறையக் கப்பல்கள் நம் கேப் வழியாகச் சுற்றிப் போகின்றன. தூரம் கூடியதால் சில கப்பல்கள் வேகத்தைக் கூட்டின என்று எங்கள் ஏஜென்ட் சொன்னார். மெதுவான வேகத்துக்கு மூக்கு மாற்றிய கப்பல் இப்போது வேகமாக ஓடினால் நஷ்டமா?

கேப்டவுன் கார்த்திகா

எவ்வளவு கூட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. மாற்றிய மூக்குகள் பெரும்பாலும் ஒரே வேகத்துக்கானவை அல்ல. பலவிதப் பாரம், பலவித வேகம் என்று ஒரு பரப்பு முழுவதற்கும் சராசரி பார்த்து வடிவமைத்தவை. 16-லிருந்து 18-க்குப் போனால் அந்தப் பரப்புக்குள்ளேயே இருக்கலாம். 22-க்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் பழைய பெரிய பல்ப் அழித்திருக்கும் அலையைப் புதியது முழுக்க அழிக்காது, அந்த வித்தியாசத்தை எண்ணெயாகக் கொடுக்க வேண்டும்.

தூத்துக்குடி அந்தோணி

நான் கேட்டவரையில் கேப் சுற்றும் கப்பல்களில் சில, நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டாமல், சுற்றில் ஒரு கப்பலைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கின்றன. அப்படிச் செய்கிறவர்களுக்கு மாற்றிய மூக்கு இன்னும் லாபம்தான். வேகத்தைக் கூட்டுகிறவர்களைப் பற்றி கார்த்திகா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் இங்கே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கேப் சுற்றும் கப்பலுக்கு எண்ணெய் நிரப்புவதும் வழியில் மாறுகிறது, பயணத்தின் தொடக்கத்தில் தொட்டிகள் நிறைய இருக்கும், முடிவில் காலியாகும். அதற்கேற்பப் பாரமும் முன்பின் தாழ்வும் மாறிக்கொண்டே வரும். ஒரே பயணத்தில் பல்ப் இரண்டு மூன்று நிலைகளில் ஓடுகிறது. எந்த நிலையில் எத்தனை நாள் என்று பிரித்துப் பார்க்காமல், மொத்தமாக லாபம், நஷ்டம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கேப்டவுன் கார்த்திகா

அண்ணா, அந்தப் பிரிப்பைத்தான் வடிவமைக்கும்போது கேட்கிறோம். இந்தப் பாரத்தில், இந்த வேகத்தில், வருடத்தில் இத்தனை சதவீதம் நேரம் என்று கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை கொடுங்கள் என்போம். பல நிறுவனங்கள் பழைய வருடங்களின் அட்டவணையைக் கொடுக்கின்றன, கப்பல் வேறு வழியில் ஓடத் தொடங்கியதும் அது பொருந்துவதில்லை. டர்பனுக்கு 11 மீட்டரில் வந்து போகும் கப்பலுக்கும், சிங்கப்பூருக்கும் ராட்டர்டாமுக்கும் இடையே 14 மீட்டரில் ஓடும் கப்பலுக்கும் ஒரே மூக்கு சரிவராது. உங்களிடம் டர்பன் வழிக் கப்பல்களின் நண்பகல் அறிக்கை, பெயர் இல்லாமல், பாரமும் தண்ணீர் வேகமும் மட்டும் கிடைத்தால் அனுப்புங்கள், கட்டம் போட்டுப் பார்க்கிறேன்.